இரண்டு நிமிடத்தில் மறையும் 128 ஜிபி

பழைய போனை விற்கக் கிளம்பும்போது எல்லோரும் கடைசியாகச் செய்வது ஃபேக்டரி ரீசெட். செட்டிங்ஸுக்குள் போய், பூட்டு எண்ணைக் கொடுத்து, எல்லாவற்றையும் அழி என்று சொன்னால் போன் அணைந்து எழுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல வரவேற்புத் திரை வந்து நிற்கிறது. எல்லாம் போய்விட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போனில் 128 ஜிபி இடம். அதன் சேமிப்புச் சில்லு வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதும் என்று வைத்துக்கொண்டால், முழு இடத்தின் மேலும் ஒருமுறை வெறும் சுழியங்களை எழுதி மூடவே 21 நிமிடம் ஆகும். ரீசெட் எடுத்துக்கொண்ட நேரத்தில் பெரும்பகுதி போன் அணைந்து எழுவதற்கே போனது. அழித்தல் என்ற வேலை நடந்தது சில நொடிகள்தான். அந்த நொடிகளில் அப்படி என்ன நடந்திருக்க முடியும்?

இதற்குப் பதில் சொல்ல, போன் எப்படி எழுதுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். போனுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். இதில் எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கிறது. அழிப்பது மட்டும் அப்படி முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்கலாம். எழுதிய பக்கத்தின் மேலேயே திருத்தி எழுதவும் வழியில்லை. அதோடு, ஒரு தொகுதியைச் சில ஆயிரம் முறை அழித்தால் அது தேய்ந்துவிடும். இந்த மூன்று கட்டுப்பாடுகளுக்கும் நடுவே குடித்தனம் நடத்துவது சில்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவி.

அந்தக் காலத்துப் பண்ணை வீட்டில் பேரேடு எழுதும் கணக்குப்பிள்ளையைப்போல அதை நினைத்துக்கொள்ளலாம். பேரேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது என்பது கட்டளை. நாற்பதாம் பக்கத்தில் உள்ள வரவை மாற்றச் சொன்னால், அவர் புதிய பக்கம் ஒன்றில் சரியான தொகையை எழுதி, முன்னால் இருக்கும் அட்டவணையில் பக்க எண்ணை மட்டும் மாற்றிவிடுவார். இனி யாரும் நாற்பதாம் பக்கத்தைத் தேடிப் போவதில்லை. ஆனால் நாற்பதாம் பக்கம் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு வரவை அடியோடு நீக்கச் சொன்னால் அட்டவணையிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுவார், அவ்வளவுதான். பழைய ஏடுகளைக் கட்டாகக் கொளுத்துவது அவருக்கு ஒழிந்த வேளையில், அவர் விருப்பப்படி.

நீங்கள் ஒரு புகைப்படத்தை நீக்கும்போது இதுதான் நடக்கிறது. படத்துக்கு வழிகாட்டும் குறிப்பு போகிறது. படம் கொஞ்ச காலம் தங்குகிறது. பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிப் போனை நிரப்பிவிட்டால் பழையது மூடப்படும் என்று ஒரு யோசனை நெடுங்காலமாக உலவுகிறது. அது பாதி உண்மை. தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளவும் பழுதான தொகுதிகளுக்கு மாற்றாகவும் சில்லு கொஞ்சம் இடத்தை ஒதுக்கி மறைத்து வைத்திருக்கிறது. இயங்குதளத்தின் கண்ணுக்கே அது தெரியாது. நாம் ஏற்றும் வீடியோவும் அங்கே போய்ச் சேராமல் போகலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2011இல் கணினிகளுக்கான ஃபிளாஷ் சேமிப்பகங்களை எடுத்து, தனிக் கோப்பு ஒன்றை மேலெழுதி அழிக்கச் சொல்லப்பட்டிருந்த முறைகளை வரிசையாகச் சோதித்தார்கள். பிறகு சில்லுகளைப் பிரித்தெடுத்து நேரடியாகப் படித்தார்கள். எந்த முறையும் தேறவில்லை. கோப்பின் உள்ளடக்கத்தில் 4 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடு வரை அப்படியே கிடந்தது.

போன்களின் ரீசெட்டையே நேராகச் சோதித்தவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும். ஐந்து நிறுவனங்கள் தயாரித்த 21 பழைய ஆண்ட்ராய்டு போன்களை வாங்கி ஆராய்ந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் இருந்தது ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையிலான பதிப்புகள். ரீசெட் செய்யப்பட்ட பிறகும் குறுஞ்செய்திகள், தொடர்பு எண்கள், படங்கள் எனப் பலவும் மீண்டன. இவற்றைவிட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று. கூகுள் கணக்கில் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து நுழைந்தபின், மறுபடி மறுபடி கேட்காமலிருக்கப் போனில் ஓர் அனுமதிச் சீட்டு சேமித்து வைக்கப்படுகிறது. ஆய்வாளர்கள் தேடிய போன்களில் பெரும்பாலானவற்றில் அந்தச் சீட்டு சிக்கியது. சோதனையாக ஒரு போனில் அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, போனை எழுப்பினார்கள். ரீசெட்டுக்கு முன் அதில் இருந்த கணக்கின் தொடர்புகளும் மின்னஞ்சல்களும் கூகுளிலிருந்து தானாக இறங்கி வந்தன. கடவுச்சொல் தேவைப்படவே இல்லை. இப்படி ஒழுங்காக அழியாத போன்கள் உலகில் 50 கோடி வரை இருக்கலாம் என்பது அவர்கள் போட்ட மதிப்பு.

காரணத்தையும் அவர்களே சொன்னார்கள். பாதுகாப்பாக அழி என்று சில்லுக்குச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. சில பதிப்புகளில் இயங்குதளம் அதைச் சொல்லவே இல்லை. சிலவற்றில் சொன்னது, ஆனால் உற்பத்தியாளர் அதற்கான மென்பொருளைச் சரிவரச் சேர்க்கவில்லை. கணக்குப்பிள்ளை அட்டவணையை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, அழித்தாயிற்று என்று தலையாட்டியிருக்கிறார்.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட விடை, அழிப்பதை மேம்படுத்துவதாக இல்லை. எழுதும்போதே வேறுவிதமாக எழுதுவது என்று முடிவானது. பேரேட்டின் ஒவ்வொரு வரியையும் முதல் நாளிலிருந்தே ரகசியக் குறியீட்டில் எழுதிவிட்டால், குறியீட்டை அவிழ்க்கும் ஒரே ஒரு துண்டுச் சீட்டைக் கொளுத்தினால் போதும். ஏடுகள் எத்தனை மிஞ்சினாலும் அவை வெறும் கிறுக்கல். என்கிரிப்ஷன் என்று போன் திரையில் காண்கிற சொல்லின் பொருள் இதுதான். தமிழில் மறையாக்கம் என்கிறோம். அவிழ்க்கும் சீட்டுக்குத் திறவுகோல் என்று பெயர். 128 ஜிபியைப் பூட்டும் திறவுகோல் 32 பைட் நீளம்தான். இந்தப் பத்தியின் முதல் வாக்கியத்துக்குத் தேவைப்படும் இடத்தைவிடக் குறைவு. ஆனாலும் அந்த நீளத்தில் அமையக்கூடிய திறவுகோல்களின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும் என்பதால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நடவாத காரியம்.

ஐபோனின் வரலாற்றில் இந்த மாற்றத்தைக் கடிகாரம் வைத்தே பார்க்கலாம். முதல் ஐபோனிலும் ஐபோன் 3ஜியிலும் எல்லாவற்றையும் அழி என்றால் நினைவகத்தின்மேல் எழுதி மூடுவார்கள். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வன்பொருளிலேயே மறையாக்கம் இருந்தது. அதே வேலை சில நிமிடங்களுக்குச் சுருங்கியது. ஆண்ட்ராய்டு உலகம் மெல்ல வந்தது. 2015இல் வெளியான ஆறாம் பதிப்போடு விற்பனைக்கு வந்த போன்களில், போதிய வேகம் உள்ளவற்றுக்கு மறையாக்கம் கட்டாயமானது. 2019இல் வந்த பத்தாம் பதிப்போடு வெளியாகும் எல்லாப் போன்களுக்கும் விலை வேறுபாடின்றிக் கட்டாயமானது. மலிவான பிராசசர்கள் மறையாக்கத்தில் திணறும் என்பதால் அவற்றுக்கென்றே அடியான்டம் என்ற இலகுவான முறையைக் கூகுள் அந்த ஆண்டு அறிமுகப்படுத்தியிருந்தது.

இங்கே ஒரு கூர்மையான வாசகர் மடக்குவார். சீட்டைக் கொளுத்தினால் போதும் என்கிறீர்கள். சீட்டும் அதே ஃபிளாஷில்தானே எழுதப்பட்டிருக்கும்? அதை அழிக்கச் சொன்னாலும் கணக்குப்பிள்ளை பழைய பிரதியை எங்காவது விட்டுவைக்க மாட்டாரா?

சரியான கேள்வி. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் இதைத்தான் பிடித்தார்கள். பழைய ஆண்ட்ராய்டில் விரும்பினால் மறையாக்கத்தை இயக்கிக்கொள்ளலாம். அப்படி இயக்கிய போன்களில் திறவுகோல், பூட்டு எண்ணால் மூடப்பட்டு ஃபிளாஷின் ஓர் ஓரத்தில் இருந்தது. பழுதான ரீசெட் அதையும் விட்டுவைத்தது. நான்கு இலக்கப் பூட்டு எண் என்றால் மொத்தம் 10,000 வாய்ப்புகள்தான். மூடிய திறவுகோலைக் கணினியில் நகலெடுத்து 10,000 எண்களையும் போட்டுப் பார்ப்பது கணினிக்குப் பெரிய வேலையே இல்லை.

இன்றைய போன்கள் இந்த ஓட்டையை இரண்டு விதமாக அடைத்திருக்கின்றன. முதலாவது, திறவுகோலைத் திறக்கப் பூட்டு எண் மட்டும் போதாது. பிராசசருக்குள்ளேயே பதிந்திருக்கிற, வெளியே எடுக்க முடியாத ஒரு ரகசியமும் அதோடு சேர வேண்டும். ஆகவே கணினிக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வழியில்லை. அந்தப் போனிலேயே, தவறும் ஒவ்வொரு முறைக்கும் அது விதிக்கும் காத்திருப்போடுதான் முயல வேண்டும்.

இரண்டாவது, ஆண்ட்ராய்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தந்திரம். திறவுகோலுக்குப் பக்கத்தில் 16 கேபி அளவுக்கு வெறும் தற்செயல் எண்களை நிரப்பிய கோப்பு ஒன்று வைக்கப்படுகிறது. `secdiscardable` என்பது அதன் பெயர். திறவுகோலை மீட்க அந்த 16 கேபியும் ஒரு பிட் பிசகாமல் வேண்டும். ரீசெட் செய்தபின் கணக்குப்பிள்ளை அசட்டையாக இருந்து அதில் 15 கேபியை விட்டுவைத்தாலும் பயனில்லை. 32 பைட் சீட்டு தப்பிப் பிழைப்பது எளிது. இவ்வளவு பெரிய கோப்பு சேதமின்றி முழுசாகத் தப்புவது கடினம். அழிப்பதை நம்ப முடியாத இடத்தில், அழியும் வாய்ப்பையே பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் வேறு வழியில் போனது. தேய்மானப் பங்கீட்டுக்கு உட்படாமல் நேரடியாக அழிக்கக்கூடிய சிறு பகுதி ஒன்றை அதற்கென்றே ஃபிளாஷில் ஒதுக்கியது.

ஆக, ஒரு போனின் ரீசெட்டை நம்பலாமா என்று தீர்மானிக்க வேண்டிய கேள்வி, அதில் எழுதப்பட்டதெல்லாம் மறையாக்கத்தோடு எழுதப்பட்டதா என்பதே. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் `Encryption` என்று தேடினால் `Encrypted` என்று காட்டும். கணினியோடு இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இப்படிக் கேட்கலாம்:

```
adb shell getprop ro.crypto.state
adb shell getprop ro.crypto.type
```

முதலாவதற்கு `encrypted`, இரண்டாவதற்கு `file` என்று வந்தால், ஒவ்வொரு கோப்பும் மறையாக்கம் செய்யப்பட்ட இக்கால முறை. `unencrypted` என்று வந்தால் அது பழைய போன். அதை விற்கும் எண்ணம் இருந்தால், அதே பாதுகாப்புப் பகுதியில் மறையாக்கத்தை இயக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். நான்கு இலக்கம் போதாது. நீளமான கடவுச்சொல் ஒன்றை வைத்து அதை இயக்கிவிட்டு, முடிந்தபின் ரீசெட் செய்யலாம். மேலே சொன்ன வீடியோ நிரப்பும் யோசனைக்கும் இந்தப் பழைய போன்களில்தான் கொஞ்சம் பொருள் உண்டு. அப்படியும் அதன் விலை சில நூறு ரூபாய் என்றால் நான் விற்கச் சொல்ல மாட்டேன்.

மெமரி கார்டு தனிக் கதை. படங்களைச் சேமிக்கச் சும்மா செருகியிருந்த கார்டில் பெரும்பாலும் மறையாக்கம் இருக்காது. ரீசெட்டும் பொதுவாக அதைத் தொடாது. கழற்றி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை பார்த்தது தரவு. ரீசெட் வேண்டுமென்றே விட்டுவைக்கிற ஒன்றும் போனில் இருக்கிறது. திருடியவன் ரீசெட் செய்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 ஒரு பூட்டைக் கொண்டுவந்தது. அதன் பெயர் `Factory Reset Protection`. போனில் கூகுள் கணக்கு இருந்தால், அதற்கான குறிப்பு, ரீசெட் தொடாத தனிப் பகுதி ஒன்றில் எழுதி வைக்கப்படுகிறது. ரீசெட் முடிந்து எழும் போன் அதைப் பார்த்துவிட்டு, முன்பிருந்த கணக்கைக் கேட்கும். கொடுக்காவிட்டால் அடுத்த திரைக்கு நகராது.

அப்படியானால் நேர்மையாக விற்பவர் என்ன செய்வது? ரீசெட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. செட்டிங்ஸ் வழியாகப் போனால் பூட்டு எண் கேட்கும். கொடுப்பவர் உரிமையாளர்தான் என்று போன் ஏற்றுக்கொண்டு அந்தக் குறிப்பையும் நீக்கிவிடும். போனை அணைத்து, ஒலியளவு பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி மீட்புத் திரைக்குள் போய் அழித்தால், யார் செய்தது என்று அதற்குத் தெரியாது. தரவு இரண்டிலும் ஒன்றுபோலவே அழியும். பூட்டு மட்டும் இரண்டாவது வழியில் நின்றுவிடும். கடைக்காரர் அவசரத்தில் இரண்டாவது வழியில் அழித்துத் தருவதும், வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துவிட்டு உங்களை அழைப்பதும் இதனால்தான்.

ஆகவே என் யோசனை, ரீசெட்டுக்கு முன்பே செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய்க் கூகுள் கணக்கைக் கையால் நீக்கிவிடுவது. சாம்சங், ஷவோமி போன்ற நிறுவனங்களுக்குத் தனிக் கணக்கும் தனிப் பூட்டும் உண்டு. அவற்றையும் நீக்க வேண்டும். சமீபத்தில் கூகுள் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் ஒரு நாள் பொறுத்து ரீசெட் செய்வது நல்லது. 24 மணி நேரம் காத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது.

ஐபோனில் இதே காவல் 2013இல் ஐஓஎஸ் 7உடன் வந்தது. ஒரு பெரிய வேறுபாடு: பூட்டு இருப்பது போனுக்குள் இல்லை, ஆப்பிளின் சேவையகத்தில். எனவே மறந்து விற்றுவிட்டாலும், ஐகிளவுட் தளத்தில் நுழைந்து அந்தப் போனை உங்கள் கணக்கிலிருந்து நீக்கினால் வாங்கியவருக்குத் திறந்துவிடும். ஆண்ட்ராய்டில் இப்படி வீட்டிலிருந்தே விடுவிக்க முடியாது. வாங்கியவரிடம் போய் நீங்களே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டியிருக்கும். கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பவர்களும் உண்டு. அது இத்தனை மறையாக்கத்தையும் ஒரே வரியில் வீணாக்கும் வேலை.

கணக்கை நீக்கும் முன் இரண்டு விஷயங்களில் வரிசை முக்கியம். ஒருமுறைக் கடவு எண் தரும் ஆதென்டிகேட்டர் செயலி பழைய போனில் இருந்தால், அதைப் புதிய போனுக்கு மாற்றி, ஒருமுறை அதை வைத்து எங்காவது நுழைந்து பார்த்தபிறகே பழையதைத் தொட வேண்டும். ரீசெட்டோடு போனில் இருந்த அதன் ரகசியங்களும் போகும், அங்கிருந்து மீட்கவும் முடியாது. மறையாக்கம் உங்களையும் அந்நியராகத்தான் பார்க்கும். இன்னொன்று, கணக்கு இணைந்திருக்கும்போது படங்களையும் தொடர்பு எண்களையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து நீக்காதீர்கள். போனைத் துடைப்பதாக நினைத்து நீங்கள் நீக்குவது, ஒத்திசைவு வழியாகச் சேவையகத்திலிருந்தும் நீங்கும். புதிய போனிலும் காணாமல் போகும். முதலில் கணக்கை விலக்குங்கள், பிறகு மொத்தமாக அழியுங்கள்.

ரீசெட் முடிந்ததும் சிம் இல்லாமல் போனை ஒருமுறை எழுப்பி, வைஃபையில் இணைத்து, கணக்கு கேட்கும் திரைவரை போய்ப் பாருங்கள். புதிய கணக்கை உருவாக்கவோ தாண்டிப் போகவோ அது இடம் கொடுத்தால் பூட்டு விலகிவிட்டது. முன்பிருந்த கணக்கைச் சரிபார்க்கச் சொன்னால் இன்னும் இருக்கிறது. பிறகு வேறு கருவியிலிருந்து உங்கள் கூகுள் கணக்கின் சாதனங்கள் பட்டியலுக்குப் போய், பழைய போன் அங்கே தெரிந்தால் வெளியேற்றிவிடுங்கள். கேம்பிரிட்ஜில் மீட்டெடுத்தார்களே, அந்த அனுமதிச் சீட்டு, அதைச் சேவையகம் ஏற்காதபடி செய்வது இந்தச் செயல்தான். போனை அழிக்காமலேயே விற்றுவிட்டவர்களுக்கும் கைவசம் உள்ள முதல் மருந்து இது.

மிஞ்சுவது, எழவே எழாத போன். திரை மட்டும் உடைந்தது என்றால் மாற்றுத் திரை போட்டோ, கணக்கு வழியாகத் தொலைவிலிருந்தோ அழிக்கலாம். தொலைவிலிருந்து அழிக்கப் போன் இணையத்தில் இருக்க வேண்டும். மின்பலகையே செத்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது. தரவும் திறவுகோலும் உள்ளேயே இருக்கும். சில்லைப் பெயர்த்தெடுத்துப் படிப்பவருக்குக் கிடைப்பது கிறுக்கல்தான். ஆனால் அந்தப் பலகையைப் பழுதுபார்த்து எழுப்பிவிட்டால், போன் அவரிடம் பூட்டு எண்ணைக் கேட்கும். நல்ல போனை விற்கும்போது பூட்டு எண்ணின் நீளம் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதல்ல, திறவுகோலே போய்விடுகிறது. செத்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது தடுப்பு அது ஒன்றுதான். அந்த எண் உங்கள் பிறந்த ஆண்டாக இருந்தால், போனைக் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வது மலிவு.